களைப்பு கண்ணிலா, பக்கத்திலா?



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்ட பெரிய நாவல் என்பது உங்களுக்குத் தெரியும். அது நாட்டுடைமையாக்கப்பட்ட நூல். ஆகையால் மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு அதைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டாள். விடுமுறைக்குள் ஐந்து பாகங்களையும் முடித்துவிடுவது என்று அவளுக்குத் திட்டம். பத்து நாள் கழித்து என்னிடம் வந்தாள்.

"முதல் பாகத்தைக்கூட முடிக்க முடியவில்லை, மாமா. அரை மணி நேரம் படித்தால் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அம்மா கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் கண் கெட்டுவிட்டதா?" என்று கேட்டாள்.

"அம்மாவிடம் அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி வா. கூடவே ஓர் அளவுகோலும் அளவு நாடாவும் கொண்டு வா" என்றேன்.

அன்று நாங்கள் செய்த சோதனைகளை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். அவற்றுக்கு முன் ஒரு செய்தி. மின்னூல்கள் இரு வகையாக வருகின்றன. ஒரு வகை பி.டி.எஃப். அதில் பக்கம் அச்சுப்போல உறைந்து நிற்கும். பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகித் திரைக்கு வெளியே வழியும். மற்றொரு வகை இ-பப். அதில் எழுத்துகள் தண்ணீரைப் போலத் திரையின் அளவுக்கு ஏற்பப் பரவிக்கொள்ளும். நாம் பேசப்போகும் மாற்றங்கள் இந்த இரண்டாவது வகைக்கே பொருந்தும். பல வாசிப்புச் செயலிகளில் பக்கத்தின் நடுவே ஒரு முறை தட்டினால் `Aa` என்ற குறி தோன்றும். எழுத்தளவு, எழுத்துரு, வரி இடைவெளி, ஓரம், பின்னணி நிறம் ஆகியவை அந்தக் குறிக்குள்தான் இருக்கின்றன.

கண்ணுக்கு எத்தனை வேலை?

"கண் களைத்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். படிக்கும்போது கண் ஒரே ஒரு வேலையைச் செய்வதில்லை. அருகிலுள்ள எழுத்தைக் குவியப்படுத்துவது ஒன்று. வரியின் கடைசிக்குப் போய், அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. பக்கத்தின் ஒளிக்கும் அறையின் ஒளிக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது மூன்றாவது. `Aa` குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு திருகும் இவற்றில் ஏதோ ஒரு வேலையையே குறைக்கிறது. எந்த வேலையில் களைப்பு என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகிப் பார்ப்பது, எந்த உறுப்பில் நோய் என்று அறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது.

முதல் வேலை: குவியப்படுத்துதல்

அவளை வழக்கம்போல உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். கண்ணுக்கும் திரைக்கும் இடையே அளந்தால் 20 செ.மீ. இருந்தது. ஒரு சாண் அளவுதான்!

லென்சின் திறனை டயாப்டரில் அளப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தூரத்தை மீட்டரில் எழுதி, அதை 1-க்குக் கீழே வகுத்தால் போதும். 40 செ.மீ. என்பது 0.4 மீட்டர், அங்கே உள்ள எழுத்தைத் தெளிவாகக் காண, கண் தன் திறனை 1/0.4, அதாவது 2.5 டயாப்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 20 செ.மீ. தூரத்துக்கு 1/0.2, அதாவது 5 டயாப்டர் வேண்டும். தூரம் பாதியானால் வேலை இரட்டிக்கிறது. இதைச் செய்வது விழி லென்சைச் சுற்றியுள்ள சிலியரித் தசை. அதோடு இரண்டு கண்களும் மூக்கை நோக்கி உள்ளே திரும்பவும் வேண்டும். அந்தத் திருப்பமும் 20 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது.

உங்கள் வயதில் கண்ணால் 10 டயாப்டருக்கு மேலும் கூட்ட முடியும். அப்படியானால் 5 டயாப்டருக்கு ஏன் களைக்க வேண்டும் என்கிறீர்களா? ஒரு குடம் தண்ணீரை உங்களால் தூக்க முடியும்; ஆனால் அதே குடத்தை ஒரு மணி நேரம் இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். தூக்கும் பலம் வேறு, தாங்கி நிற்கும் பலம் வேறு.

"கொஞ்சம் தள்ளிப் பிடிக்கக் கூடாதா?" என்றேன். "தள்ளிப் பிடித்தால் எழுத்து சின்னதாகத் தெரிகிறதே" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதை அளந்தே பார்த்தோம்.

கைப்பேசியை மேசையின் மேல் புத்தகங்களில் சாய்த்து நிற்க வைத்தோம். அவள் இதுவரை படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்தோம். படித்த பக்கமானால் மனம் ஊகித்துவிடும் அல்லவா? அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். 60 செ.மீ. தூரத்தில் திக்கத் தொடங்கினாள். அதற்கு மேல் சொற்களை ஊகித்தாள். ஆக, அந்த எழுத்தளவுக்கு அவளுடைய எல்லை 60 செ.மீ.

எல்லையில் நின்றுகொண்டு யாராலும் சுகமாகப் படிக்க முடியாது. எழுத்து, கண்ணுக்குப் புலப்படும் மிகச் சிறிய அளவைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு பெரிதாக இருந்தால்தான் வாசிப்பு தடையின்றி ஓடும். இதற்குக் 'கையிருப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது. எல்லைத் தூரத்தைப் படிக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். 40 செ.மீ. தூரத்தில் படித்தால் அவளுடைய கையிருப்பு 60/40, அதாவது 1.5 மட்டுமே. 20 செ.மீ. தூரத்தில் 60/20, அதாவது 3. இப்போது புரிகிறதா? அவளுடைய கை, தானாகவே கைப்பேசியைக் கிட்டக் கொண்டுவந்து அந்த மூன்று மடங்கைத் தேடிக்கொண்டது. அதற்கான விலையைச் சிலியரித் தசை கொடுத்தது.

அதே கையிருப்பை இன்னொரு வழியில் பெறலாம். தூரத்தைக் குறைப்பதற்குப் பதில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். அவள் திரையில் 'க' என்னும் எழுத்தின் உயரம் 1.3 மி.மீ. இருந்தது. அதை 2.2 மி.மீ. ஆகும் வரை கூட்டினோம். மறுபடி பின்னால் நகர்ந்தபோது 100 செ.மீ. தூரம் வரை தடையில்லாமல் படித்தாள். 100/40 என்றால் கையிருப்பு 2.5. கைப்பேசியை 40 செ.மீ. தூரத்தில் பிடிக்க இதுவே போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய தூரத்திலேயே பிடித்தால் குவியப்படுத்தும் வேலை சிறிதும் குறையாது. எழுத்தளவு தானாகக் களைப்பைப் போக்குவதில்லை. தள்ளிப் பிடிக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். தள்ளிப் பிடிப்பது உங்கள் பொறுப்பு.

எழுத்துருவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அழகான எழுத்துரு எது என்று பார்க்க வேண்டாம். 'ன', 'ண', 'னை', 'ணை' ஆகிய நான்கையும் பாருங்கள். சுழிகளின் நடுவே வெள்ளை தெளிவாகத் தெரிய வேண்டும். சுழி அடைத்துக்கொண்டால் 'ன'வும் 'ண'வும் ஒன்றுபோல் தோன்றும். மிகத் தடித்த எழுத்துருவில் சுழி அடைபடும். மிக மெல்லிய எழுத்துருவில் கோடு மங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ளதைத் தேர்ந்துகொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, கோடு சீராக உள்ள எழுத்துருக்கள் சிறு திரைக்கு ஏற்றவை. செயலியில் எழுத்துருவை மாற்றியும் பக்கம் மாறவில்லை என்றால், பதிப்பாளர் வைத்த எழுத்துருவையே பயன்படுத்து என்ற தேர்வு எங்காவது இயங்கிக்கொண்டிருக்கும். அதை நீக்கினால் மாறிவிடும்.

இரண்டாவது வேலை: அடுத்த வரியைப் பிடித்தல்

ஒரு செய்தித்தாளின் நடுவே பென்சில் நுனியால் சிறு துளை போடுங்கள். நண்பன் அந்தத் தாளைப் பிடித்துப் படிக்கட்டும். நீங்கள் மறுபுறமிருந்து துளை வழியே அவன் கண்ணைக் கவனியுங்கள். கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது என்பதைக் காண்பீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் பின் ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது. அந்த நிற்கும் நேரத்தில்தான் எழுத்துகளைப் பார்க்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜவால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆராய்ச்சிக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர்.

வரியின் முடிவில் என்ன நடக்கிறது? கண் ஒரே வீச்சில் இடது ஓரத்துக்குத் திரும்பி, ஒரு வரி கீழே இறங்க வேண்டும். இந்த வீச்சு குறி தவறினால் படித்த வரியிலேயே மறுபடி விழும், அல்லது ஒரு வரியைத் தாண்டிவிடும். நம் மாணவியின் இரண்டாவது புகார் இதுதான்.

வீச்சு எப்போது குறி தவறும்? அவள் தன் அப்பாவின் டேப்லெட்டிலும் படித்துப் பார்த்திருந்தாள். அதைக் கிடையாக வைத்தபோது ஒரு வரியின் நீளம் 200 மி.மீ. இருந்தது. ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை 4.8 மி.மீ. ஆக, கண் 200 மி.மீ. இடப்புறம் ஓடும்போது 4.8 மி.மீ. மட்டுமே கீழே இறங்க வேண்டும். இந்தச் சரிவுப் பாதையின் கோணத்தைக் கணக்கிட்டால் 1.4 பாகை வரும். அவ்வளவு குறுகிய கோணத்தில் குறி பார்ப்பது கண்ணுக்குக் கடினம். வீச்சு நீளமாக இருந்தால் அது இடது ஓரத்துக்குச் சற்று முன்பே விழுந்துவிடும். பிறகு இன்னொரு சிறு தாவலால் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. வரியைக் குட்டையாக்கலாம், வரிகளை விலக்கி வைக்கலாம். டேப்லெட்டில் இரு பக்க ஓரங்களையும் அகலமாக்கி வரியை 110 மி.மீ. ஆக்கினோம். வரி இடைவெளியைக் கூட்டி 6.4 மி.மீ. ஆக்கினோம். இப்போது கோணம் 3.3 பாகை. முன்னைவிட இரு மடங்குக்கும் மேல்! அவள் வரி தவறுவது அப்போதே குறைந்துவிட்டது.

வரி இடைவெளி தமிழுக்கு இன்னும் ஒரு காரணத்தால் முக்கியம். நம் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் உறுப்புகள் உண்டு. 'கி', 'கீ' ஆகியவற்றுக்குத் தலையில் கொக்கி. 'மு', 'ழு', 'கூ' ஆகியவற்றுக்குக் காலில் வளைவு. எல்லாவற்றுக்கும் மேலாக மெய்யெழுத்தின் புள்ளி! அந்தச் சிறு புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். வரிகள் நெருங்கி நின்றால் மேல் வரியின் கால் வளைவு, கீழ் வரியின் புள்ளிக்கு அருகில் வந்து முட்டுகிறது. கண் தயங்கி, முன்பின் சொற்களைப் பார்த்துப் பொருளை நிச்சயித்துக்கொள்கிறது. செயலியில் எண்ணாகக் காட்டினால் 1.2 என்பது தமிழுக்குப் பெரும்பாலும் நெருக்கம், 1.5 முதல் 1.7 வரை வைத்துப் பாருங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. மேல் வரியில் 'ழு' அல்லது 'மூ' வந்து, அதற்கு நேர் கீழே புள்ளி வைத்த எழுத்து வரும் இடத்தைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே தெளிவான வெள்ளைப் பட்டை தெரிந்தால் போதும்.

அளவுக்கு மிஞ்சினாலோ வேறு தொல்லை. வரிகள் தனித்தனிக் கயிறுகளைப் போலப் பிரிந்து நிற்கும். பத்தி என்ற உருவமே கலைந்துவிடும். அவள் கைப்பேசியில் 140 மி.மீ. உயரத்துக்கு எழுத்து நிற்கிறது. 4.8 மி.மீ. இடைவெளியில் 29 வரிகள் கொண்ட பக்கம், 6.4 மி.மீ. ஆனபோது 21 வரிகள் ஆயிற்று. இன்னும் கூட்டினால் பக்கம் புரட்டுவதே வேலையாகிவிடும்.

கைப்பேசியில் ஓரம் எதிரியாகும்

டேப்லெட்டில் ஓரத்தை அகலமாக்கியது நன்மை தந்ததால், அவள் கைப்பேசியிலும் அப்படியே செய்யப் போனாள். "சற்றுப் பொறு, முதலில் எண்ணிப் பார்" என்றேன்.

கைப்பேசித் திரையின் அகலம் 68 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் வரிக்கு 48 மி.மீ. மிஞ்சும். நாம் பெரிதாக்கிய எழுத்தில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு வரியில் 16 எழுத்துகள்தான் நிற்கும். 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்ற சொல்லை எண்ணுங்கள்: 12 எழுத்துகள்! தமிழ்ச் சொற்கள் இப்படி ஒட்டி ஒட்டி நீள்பவை. இத்தகைய சொல் வரியின் கடைசியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். மேல் வரியில் இரண்டு சிறு சொற்கள் மட்டும் தனித்து நிற்கும்.

பக்கத்தின் இரு ஓரங்களையும் நேர்கோடாக வெட்டியதுபோல் அமைக்கும் வழக்கம் அச்சு நூல்களில் உண்டு. பல செயலிகள் அதையே பின்பற்றுகின்றன. அப்போது தனித்து நிற்கும் அந்த இரண்டு சொற்களும் வரியின் இரு முனைகளுக்கு இழுக்கப்படுகின்றன. நடுவே பெரிய வெற்றிடம். அடுத்தடுத்த வரிகளில் இப்படி நேர்ந்தால் பக்கத்தின் நடுவே வெள்ளை வாய்க்கால் ஓடுவதுபோல் தோன்றும். கண் வரியோடு போகாமல் அந்த வாய்க்காலோடு கீழே வழுக்கிவிடும்.

ஆகையால் கைப்பேசியில் நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். ஓரத்தை 3 மி.மீ. ஆகக் குறைத்தோம். வரிக்கு 62 மி.மீ. கிடைத்தது; ஏறக்குறைய 20 எழுத்துகள் நின்றன. அடுத்து, வரிகளை இடது ஓரம் மட்டும் நேராக நிற்கும்படி மாற்றினோம். வலது ஓரம் ஏறுமாறாக இருக்கும். பார்க்கச் சற்று ஒழுங்கின்மையாகத் தோன்றும். ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கும். ஓரத்தை முற்றிலும் நீக்கிவிடவும் கூடாது. கைப்பேசியைப் பிடிக்கும் கட்டைவிரல் எழுத்தின் மேல் விழும். வரியின் முதல் எழுத்து திரையின் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பாருங்கள், ஒரே திருகு ஒரு கருவியில் நண்பன், மற்றொரு கருவியில் எதிரி. ஆகவே பிறர் வைத்திருக்கும் எண்ணை அப்படியே நகல் எடுப்பதில் பயனில்லை. உங்கள் வரியில் எத்தனை எழுத்துகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வேலை: ஒளிக்கு இசைதல்

அவள் படித்தது இரவில், விளக்கை அணைத்துவிட்டு, பளிச்சென்ற வெள்ளைத் திரையில். இருண்ட அறையில் அந்தத் திரை ஒரு சன்னலைப் போல் ஒளிர்ந்தது. பக்கத்தில் சுவரைப் பார்த்தால் இருள், திரையைப் பார்த்தால் கூச்சம்.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. நீங்கள் படிக்கும் இடத்தில், அதே விளக்கின் கீழ், ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் அருகே பிடியுங்கள். திரை விளக்கைப்போல் ஒளிர்ந்தால் வெளிச்சம் அதிகம். தாளைவிட மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிச்சம் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும் வரை திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். முதலில் அறை விளக்கைப் போடுங்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

அதன் பிறகே பின்னணி நிறம். பழுப்பேறிய தாளின் நிறத்தைப் பல செயலிகள் தருகின்றன. அதில் மொத்த வெளிச்சம் சற்றுக் குறைகிறது. எழுத்தோ தெளிவாகவே நிற்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவதுண்டு. தூய வெள்ளையில் தூய கறுப்பு 21-க்கு 1. `#FBF0D9` என்ற வெளிர்மஞ்சளில் `#5F4B32` என்ற பழுப்பு எழுத்து ஏறக்குறைய 7-க்கு 1. இது படிக்கத் தாராளம். விகிதம் 4.5-க்குக் கீழே போகக் கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கு வகுத்துள்ள பொது விதி. சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து கண்ணுக்கு இதம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூச்சம் குறையலாம்; ஆனால் எழுத்து மங்கியதும் கை மறுபடி கைப்பேசியைக் கிட்டக் கொண்டுவரும். முதல் வேலை திரும்ப ஏறிவிடும்.

வெளிர்மஞ்சளின் பயன் 'நீல ஒளியைத் தடுப்பது' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, குறுகிய காலப் பயன்பாட்டில் அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது. நம் பயன் கூச்சம் குறைவதில் இருக்கிறது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எப்படி? அவளுடைய தோழி அதைத்தான் சிபாரிசு செய்திருந்தாள். அவளும் வைத்துப் பார்த்தாள். "எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் எழுத்து தெரிகிறது, மாமா" என்றாள். காரணம் கண்பாவையில் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கும்போது கண்பாவை சுருங்குகிறது. சிறு துளை வழியே வரும் ஒளி கூர்மையான பிம்பத்தைத் தரும் என்பதை ஊசித்துளைக் காமிராவில் படித்தீர்கள். கறுப்புப் பக்கத்தைப் பார்க்கும்போது கண்பாவை விரிகிறது. அப்போது விழி லென்சிலும் கருவிழியிலும் உள்ள சிறு குறைகளெல்லாம் பிம்பத்தில் புகுந்துவிடுகின்றன. ஆகவே போதிய வெளிச்சத்தில் வெளிர் பின்னணியே பெரும்பாலோருக்குத் தெளிவாகத் தெரிகிறது. மங்கிய இடத்தில் கூச்சம் தாங்காதவர்களுக்குக் கறுப்புப் பின்னணி உதவலாம்.

இருந்தாலும் அந்த 'நிழல் எழுத்து' என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாற்றம், ஒரு மாலை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஆகவே ஒரு மாலைக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டோம். முதல் நாள் எழுத்தளவும் தூரமும். இரண்டாம் நாள் வரி இடைவெளி. மூன்றாம் நாள் ஓரம். நான்காம் நாள் விளக்கும் பின்னணியும். ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் படிக்க வேண்டும். வரி தவறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட வேண்டும். முடிவில் கண் எரிச்சல், நெற்றி வலி இரண்டுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் நாளே நெற்றி வலி பாதியாயிற்று. இரண்டாம், மூன்றாம் நாட்களில் தாளில் கோடுகள் குறைந்தன. நான்காம் நாள் கூச்சம் போயிற்று.

கண் எரிச்சல் மட்டும் சற்று மிச்சம் இருந்தது. அது `Aa` குறிக்குள் அடங்காத விஷயம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். ஆழ்ந்து படிக்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. விழியின் மேலுள்ள ஈரப்படலம் உலர்கிறது. எந்த எழுத்துருவும் இதைத் தீர்க்காது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து, 6 மீட்டருக்கு அப்பாலுள்ள எதையாவது 20 நொடி பார்த்து, நன்றாகச் சில முறை இமைத்துவிட்டுத் தொடர வேண்டும். அப்போது சிலியரித் தசையும் குடத்தை இறக்கி வைக்கிறது.

திருகுகள் எட்டாத இடம்

கடைசியாக, அந்த நிழல் எழுத்து. மறுபடி கைப்பேசியைச் சாய்த்து வைத்தோம். இம்முறை ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு படிக்கச் சொன்னேன். வலது கண்ணால் 100 செ.மீ. வரை படித்தாள். இடது கண்ணால் 60 செ.மீ. தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்கே வியப்பு. இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது வலது கண்ணே வேலையைச் செய்து வந்ததால், இடது கண்ணின் குறை இத்தனை நாள் தெரியவில்லை.

அவளுடைய அம்மா அந்த வாரமே அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். இடது கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் இருப்பதாகச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார் மருத்துவர். கருவிழி பந்தைப்போல் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், கரண்டியின் முதுகைப்போல் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதே இந்தக் குறை. பிம்பம் ஒரு புள்ளியில் குவியாமல் ஒரு திசையில் இழுபடும். கண்பாவை விரிந்தபோது அந்த இழுப்பு பெரிதாகி, கறுப்புப் பின்னணியில் நிழல் எழுத்தாகத் தெரிந்தது.

ஆகவே நண்பர்களே, திருகுகள் பக்கத்தின் குறையைத் தீர்க்கும். கண்ணின் குறையைத் தீர்க்காது. எழுத்தைப் பெரிதாக்கியே போவது சில சமயம் அந்தக் குறையை மூடி மறைத்தும் விடும். மாதத்துக்கு மாதம் எழுத்தளவைக் கூட்ட வேண்டியிருந்தாலும், இரு கண்களின் எல்லைத் தூரங்களில் பெரிய வித்தியாசம் தெரிந்தாலும், எல்லாம் சரியாக அமைந்த பின்னும் தலைவலி தொடர்ந்தாலும், கரும்பலகை மங்கலாகத் தெரிந்தாலும் செயலியை மூடிவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்.

நம் மாணவிக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. கண்ணாடியோடு மறுபடி அளந்தோம். இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே தூரம் வரை படிக்கின்றன. அம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவள் மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள்.

நீங்களும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் எல்லைத் தூரத்தை அளந்து பாருங்கள். முதலில் இரு கண்களாலும். பிறகு ஒவ்வொரு கண்ணாலும்.